வலியும் இல்லை, வெள்ளைப்படுதலும் இல்லை: பிறகு ஏன் பரிசோதனை?

கேள்வி: எனக்கு வயது 24. சென்னையில் வேலை செய்கிறேன். கல்லூரி நாள்களிலிருந்து ஒருவருடன் உறவில் இருந்தேன். சென்ற ஆண்டு பிரிந்துவிட்டோம். இப்போது வேறொருவரைத் திருமணம் செய்துகொள்ளப் போகிறேன். அவருடனும் சில மாதங்களாக உறவு உண்டு. குழந்தை முப்பது வயதை ஒட்டித்தான் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம். லண்டனில் இருக்கும் தோழி, அங்கே இளம்பெண்களுக்குக் கிளமிடியா பரிசோதனையை அவர்களாகவே முன்வந்து செய்கிறார்கள் என்றாள். இங்கே ஒரு மகளிர் மருத்துவரிடம் கேட்டேன். ‘உங்களுக்கு வெள்ளைப்படுதல்கூட இல்லையே, எதற்கு அதெல்லாம்?’ என்றார். பாப் ஸ்மியர், எச்ஐவி, விடிஆர்எல் மூன்றும் எடுத்தேன், மூன்றும் நார்மல். இதற்கு மேலும் தேவையா, டாக்டர்?
— வாசகி, சென்னை

பதில்: தேவை. நீங்கள் எடுத்த மூன்று பரிசோதனைகளும், உறவின் வழியாகத் தொற்றும் கிருமிகளான கிளமிடியாவையோ கொனோரியாவையோ தேடவே இல்லை. பாப் ஸ்மியர், கருப்பைவாய்ச் செல்கள் புற்றுநோயை நோக்கி மாறுகின்றனவா என்று பார்க்கிறது. விடிஆர்எல் என்பது சிஃபிலிஸ் எனப்படும் கிரந்தி நோய்க்கான இரத்தப் பரிசோதனை. எச்ஐவி பரிசோதனை எதற்கு என்பது உங்களுக்கே தெரியும். கையில் மூன்று நார்மல் ரிப்போர்ட் இருந்தால், பால்வினை நோய் எதுவும் இல்லை என்று யாரும் நம்பிவிடுவார்கள். கருக்குழாயைக் கெடுக்கும் இரண்டு கிருமிகளைப் பற்றி அந்த ரிப்போர்ட்டுகளில் ஒரு வரிகூட இருக்காது.

வெள்ளைப்படுதல் இல்லை என்பதும் ஒரு பதிலாகாது. கிளமிடியா தொற்றிய பெண்களில் பத்துக்கு ஏழெட்டுப் பேருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. ஊரில் வெட்டை நோய் என்று சொல்லப்படும் கொனோரியாவிலும் ஏறத்தாழ பாதிப் பெண்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆணுக்கு இந்தக் கிருமிகள் சிறுநீர்த்தாரையில் இறங்குகின்றன. அங்கே எரிச்சலும் சீழும் வந்தால் அவர் மருத்துவரிடம் ஓடுவார். கிளமிடியாவில் அவருக்கும் பெரும்பாலும் ஒன்றும் வராது என்பது வேறு விஷயம். பெண்ணுக்கு அவை தங்குமிடம் கருப்பைவாயின் உட்புறம். வலியை நன்றாக உணரும் இடமன்று அது. அங்கே ஊறும் சிறிதளவு சளி, மாதம் முழுவதும் மாறிக்கொண்டே இருக்கும் இயல்பான கசிவோடு கலந்துவிடும். மறுபக்கம், வெள்ளைப்படுகிறது என்று எங்களிடம் வரும் பெண்களில் பெரும்பாலோருக்கு இருப்பது பூஞ்சைத் தொற்றோ பாக்டீரியா சமநிலைக் குலைவோதான். இந்த இரண்டு கிருமிகள் அல்ல. ஆகவே வெள்ளைப்படுதலை வைத்துக் கணித்தால் இரண்டு பக்கமும் தவறும்.

உங்கள் மருத்துவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டின் அரசு வழிகாட்டல் நீண்டகாலமாக அறிகுறியை வைத்து மருந்து கொடுக்கும் முறையில் நடந்துவருகிறது. கசிவோ அடிவயிற்று வலியோ புண்ணோ இருந்தால், அந்தந்த அறிகுறிக்கென்று வகுத்த மாத்திரைத் தொகுப்பைக் கையோடு கொடுத்து அனுப்புவார்கள். ஆய்வக வசதி இல்லாத ஊரில் அது மிக நல்ல முறை. நோயாளி மறுபடி வருவாரா என்று தெரியாதபோது அன்றே மருந்து போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் அறிகுறியே இல்லாதவர் அந்த முறையின் கண்ணில் படமாட்டார். உங்கள் தோழி சொன்ன இங்கிலாந்துத் திட்டம் எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்குகிறது. 25 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு, உடம்பில் ஒன்றும் இல்லாவிட்டாலும், குடும்ப மருத்துவரிடமும் மருந்துக்கடையிலும்கூடப் பரிசோதனையை முன்வந்து தருகிறார்கள். 2021இல் அத்திட்டத்தைத் திருத்தியபோது, பெண்ணின் இனப்பெருக்க உறுப்புகளுக்கு வரும் கேட்டைக் குறைப்பதே முதல் நோக்கம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். அமெரிக்காவிலும் உறவில் இருக்கும் 25 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு கிருமிகளுக்கும் பரிசோதனை என்பதே பரிந்துரை. அந்த வயதைத் தாண்டியவர்களுக்கும், புதிய துணை வந்திருந்தாலோ துணைக்கு வேறு உறவுகள் இருந்தாலோ அது பொருந்தும்.

கேடு எங்கே நடக்கிறது என்பதைச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பரிசோதனையின் அவசரம் அங்கேதான் இருக்கிறது. கிருமி கருப்பைவாயிலேயே தங்கிவிட்டால் பெரிய சேதம் இல்லை. சிலருக்கு அது மேலேறிக் கருப்பையைக் கடந்து கருக்குழாய்க்குள் போகிறது. கருக்குழாய், கருப்பையோடு சேரும் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இருக்காது. அதன் உட்சுவர் முழுவதும் நுண்ணிய மயிரிழைகள். நெற்கதிர்கள் காற்றில் ஒரே பக்கம் சாய்வதுபோல் அவை இடைவிடாமல் அசைந்து, கருமுட்டையைக் கருப்பையை நோக்கி நகர்த்துகின்றன. கொனோரியாக் கிருமி தான் நுழையும் செல்லைவிட, அதன் அருகிலிருக்கும் இந்த மயிரிழைச் செல்களையே தன் நச்சுப் பொருள்களால் உதிரவைக்கிறது. கிளமிடியா வேறு வழியில் கெடுக்கிறது. அது செல்லுக்குள்ளேயே குடியிருந்து பெருகும். அதை விரட்ட நம் உடல் நடத்தும் போரில்தான் தழும்பு உண்டாகிறது. இந்தப் போர் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடக்கும். பலருக்குக் காய்ச்சல்கூட இல்லாமல் நடந்து முடிந்துவிடும். கிருமியை மருந்தால் கொன்றுவிடலாம். தழும்பைக் கரைக்க மருந்து கிடையாது.

விவரங்களை மாற்றி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். முப்பதைத் தாண்டியவர், திருமணமாகி மூன்று ஆண்டுகளாகக் குழந்தை இல்லை. மாதவிலக்கு ஒழுங்கு, ஹார்மோன்கள் நார்மல், கணவரின் விந்தணுப் பரிசோதனையும் நார்மல். எச்எஸ்ஜி எனப்படும் எக்ஸ்ரேயில், கருப்பைக்குள் செலுத்திய சாயம் முக்கோணமாக நிறைந்தது. இரண்டு ஓரங்களிலும் நூலாய்க் கிளம்பிய அது, வயிற்றுக்குள் சிந்துவதற்குப் பதிலாகக் குழாய்களின் நுனியில் உருண்டையாகத் தேங்கி நின்றது. நுனி அடைபட்டு நீர் கோத்த குழாய்கள் அவை. நம் நாட்டில் இப்படிப் பார்த்தவுடன் இனப்பெருக்க உறுப்புக் காசநோயைத்தான் முதலில் நினைக்க வேண்டும். அதுவும் இங்கே பெரிய காரணம். கருப்பை உட்சுவரின் திசுவை எடுத்துச் சோதித்தோம், காசநோய் இல்லை. வயிற்றில் சிறு துளை வழியாகக் கேமராவைச் செலுத்தும் லாப்ராஸ்கோப்பியில் உள்ளே பார்த்தபோது, கல்லீரலின் மேற்பரப்புக்கும் வயிற்றுச் சுவருக்கும் இடையே வீணைத் தந்திகளை இழுத்துக் கட்டியதுபோன்ற மெல்லிய இழைகள். கிளமிடியாவோ கொனோரியாவோ என்றோ ஒருநாள் குழாய் வழியாக வயிற்றுக்குள் வந்துபோயிருக்கிறது என்பதற்கு வலுவான அடையாளம் அது. பழையதைத் துருவிக் கேட்டோம். ஆறேழு ஆண்டுகளுக்கு முன் இரண்டு நாள் அடிவயிறு கனத்தாற்போல் இருந்ததாம். ‘யூரின் இன்ஃபெக்‌ஷன்’ என்று மருந்துக்கடையில் சிப்ரோஃப்ளாக்சசின் வாங்கி நாலு மாத்திரை போட்டாராம், சரியாகிவிட்டதாம். கொனோரியாக் கிருமி இந்தியாவில் அந்த மருந்துக்குப் பெரும்பாலும் அடங்குவதில்லை. கிளமிடியாவுக்கோ அது சரியான மருந்தே அன்று. அவருடைய வாழ்க்கையில் பரிசோதனை உதவியிருக்கக்கூடிய காலம் அந்த இரண்டு நாள்களும் அதற்கு முந்திய மாதங்களும்தான். அப்போது அவரிடம் யாரும் அதைச் சொல்லவில்லை.

இதைப் படித்துவிட்டுப் பயந்துவிடாதீர்கள். கிளமிடியா தொற்றிய எல்லோருக்கும் குழாய் அடைபடுவதில்லை. லண்டனில் மாணவிகளிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை நன்றாகக் காட்டுகிறது. இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட மாணவிகள் பெண்ணுறுப்பிலிருந்து பஞ்சுக்குச்சியால் தாங்களே ஸ்வாப் மாதிரி எடுத்துக் கொடுத்தார்கள். பாதிப் பேரின் மாதிரிகளை உடனே சோதித்துச் சிகிச்சை தந்தார்கள். மீதிப் பாதியைச் சேமித்துவைத்து ஓராண்டு கழித்துச் சோதித்தார்கள். சிகிச்சை இல்லாமல் இருந்த கிளமிடியாப் பெண்களில் நூற்றுக்கு ஒன்பது பத்துப் பேருக்கு அந்த ஓராண்டில், தொற்று மேலேறி இடுப்புக்குழி அழற்சி வந்திருந்தது. உடனே சிகிச்சை பெற்றவர்களில் அது நூற்றுக்கு இரண்டு பேரைக்கூட எட்டவில்லை. பத்தில் ஒன்பது பேருக்கு அந்த ஆண்டு ஒன்றும் ஆகவில்லை என்பது ஆறுதல். அந்தப் பத்தாவது ஆள் யார் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை என்பதால்தான் எல்லோரையும் சோதிக்கிறோம்.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. எனக்கு அது இன்னும் முக்கியமாகப் படுகிறது. அந்த ஆண்டில் அழற்சி வந்தவர்களில் ஐந்தில் நான்கு பங்கினர், தொடக்கப் பரிசோதனையில் கிளமிடியா இல்லை என்று வந்தவர்கள். அழற்சிக்கு வேறு கிருமிகளும் காரணமாகலாம். இடையில் புதிதாகவும் தொற்றியிருக்கலாம். ஆகவே ஒருமுறை சோதித்து ரிப்போர்ட்டைக் கோப்பில் வைத்துவிட்டால் போதாது. ஆண்டுக்கு ஒருமுறை, அதற்குள் துணை மாறினால் அப்போது ஒருமுறை என்று வைத்துக்கொள்ள வேண்டும். இடையில் அடிவயிற்று வலி, உறவுக்குப் பின் இரத்தக் கசிவு, மாதவிலக்குக்கு இடைப்பட்ட நாள்களில் இரத்தம், உறவின்போது ஆழத்தில் வலி ஆகியவற்றில் ஏதேனும் தலைகாட்டினால், பழைய நெகட்டிவ் ரிப்போர்ட்டை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. அப்போது நாள்களுக்கு மதிப்பு உண்டு. ஸ்வீடனின் லுண்ட் நகரில் லாப்ராஸ்கோப்பி மூலம் அழற்சி உறுதியான பெண்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். குழாய்க் கோளாறால் குழந்தையின்மை, ஒருமுறை அழற்சி வந்தவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கும், இருமுறை வந்தவர்களில் இருபது பேருக்கும், மூன்று முறையோ அதற்கு மேலோ வந்தவர்களில் நாற்பது பேருக்கும் ஏற்பட்டது. ஒவ்வொரு முறையும் இரட்டிப்போ அதற்கு மேலோ ஆகிறது, பாருங்கள்.

இனி, பரிசோதனைக்கு எப்படிப் போவது? ஆய்வகத்தில் ‘கிளமிடியா, கொனோரியா பிசிஆர், வெஜைனல் ஸ்வாப்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பிசிஆர் என்பது கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் பரிசோதனை. கிளமிடியாவுக்கு இரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். என்றோ வந்துபோனதா, இப்போது இருக்கிறதா என்பதை அது பிரித்துச் சொல்லாது. ஸ்வாபை நீங்களே எடுக்கலாம். மருத்துவர் எடுக்கும் மாதிரிக்கு அது எந்த வகையிலும் குறைந்ததன்று. பஞ்சுக்குச்சியைப் பெண்ணுறுப்புக்குள் இரண்டு அங்குலம்வரை மெதுவாகச் செலுத்தி, சுவரைத் தொட்டபடி பத்து முதல் முப்பது விநாடிவரை சுழற்றி எடுத்து, கூடவே தரும் திரவக் குப்பியில் இட்டு, குச்சியில் கோடு போட்டிருக்கும் இடத்தில் ஒடித்து மூட வேண்டும். வலிக்காது. ஆய்வகத்தின் கழிப்பறையிலேயே முடித்துவிடலாம். மாதவிலக்கு நாளாக இருந்தாலும் எடுக்கலாம்.

ஸ்வாப் வேண்டாம் என்று தோன்றினால் சிறுநீரும் கொடுக்கலாம். ஆனால் பெண்களுக்கு அது சில தொற்றுகளைத் தவறவிடும், அதனால் நான் ஸ்வாபையே சொல்வேன். சிறுநீர் கொடுப்பதானால், முன்பு ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருந்துவிட்டு, வரும் முதல் சிறுநீரில் இருபது முப்பது மில்லி மட்டும் பிடிக்க வேண்டும். வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனைக்குச் சொல்வதுபோல் நடுவில் வருவதைப் பிடித்தால், கிருமிகள் முன்னாலேயே கழுவிப்போயிருக்கும். மாதிரி எடுக்கும் பணியாளர்களே சில இடங்களில் பழக்கத்தில் நடுச்சிறுநீர் என்று சொல்லிவிடுகிறார்கள்; நீங்கள் நினைவூட்டுங்கள்.

நம் ஊர் ஆய்வகங்களில் ஏழு கிருமி, பன்னிரண்டு கிருமி என்று ஒரே மாதிரியில் தேடும் பெரிய தொகுப்புகளும் கிடைக்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டே கிருமிகள். கிடைப்பது அந்தத் தொகுப்பு மட்டும்தான் என்றால் எடுங்கள். ஆனால் ரிப்போர்ட்டில் யூரியாபிளாஸ்மா, மைக்கோபிளாஸ்மா ஹோமினிஸ், கார்ட்னெரெல்லா என்ற பெயர்களுக்கு எதிரே சிவப்பு எழுத்தில் பாசிட்டிவ் என்று இருந்தால் கலங்க வேண்டாம். நல்ல நலத்தோடு இருக்கும் எத்தனையோ பெண்களிடம் அவை இருக்கும். தொந்தரவு இல்லாதபோது அவற்றுக்கு மருந்து தேவையில்லை. இந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துத் திருமணத்தையே நிறுத்த நினைத்த இணையரைக்கூடப் பார்த்திருக்கிறேன்.

செலவுக்குத் தயங்கினால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போகலாம். ஆலோசனையும் மருந்தும் அங்கே இலவசம். பிசிஆர் வசதி எல்லா இடத்திலும் இருக்காது என்பதால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கே போனாலும் ‘கல்யாணமாகிவிட்டதா?’ என்ற கேள்வி வரும். உறவு உண்டா என்று நேராகக் கேட்கக் கூசி, பலர் அதைத்தான் கேட்கிறார்கள். ‘இல்லை’ என்று சொன்னால் உங்களுக்குப் பரிசோதனையே தேவையில்லை என்று குறித்துவிடுவார்கள். ‘திருமணமாகவில்லை, உறவு உண்டு, புதிய துணை, பரிசோதனை வேண்டும்’ என்று சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் எதையும் விளக்க வேண்டியதில்லை. முகம் சுளிப்பவர் இருந்தால் வேறு மருத்துவரைப் பாருங்கள். ரிப்போர்ட் போய்ச்சேர வேண்டிய தொலைபேசி எண், வீட்டார் பார்க்கும் எண்ணாக இல்லாமல் உங்களுடையதாக இருக்கட்டும்.

பாசிட்டிவ் என்று வந்தால்? கிளமிடியாவுக்கு டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், காலையும் இரவும் ஏழு நாள். கர்ப்பத்தில் அது கூடாது. அப்போது அசித்ரோமைசின் தருவோம். கொனோரியாவுக்கு செஃப்ட்ரியாக்சோன் ஊசி. இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. மாத்திரை இருவருக்கும் என்பதே பலர் தவறவிடும் இடம். நீங்கள் மட்டும் சாப்பிட்டால் அடுத்த உறவிலேயே கிருமி திரும்பிவரும். அவருக்கும் பரிசோதனை, அவருக்கும் மருந்து. இருவரும் முடித்து ஏழு நாள்வரை உறவு வேண்டாம். பிறகு மூன்று மாதத்தில் ஒருமுறை மறுபடி சோதியுங்கள், ஏனென்றால் மறுதொற்று மிகச் சாதாரணம். மருந்து முடிந்து மூன்று வாரத்துக்குள் அவசரப்பட்டுச் சோதித்தால் செத்த கிருமியின் மரபுப்பொருளைப் பார்த்தே பாசிட்டிவ் என்று காட்டலாம், வீண் பீதி. ஒரு மாதம் கழியட்டும்.

இதில் நீங்கள் மனத்தளவில் முன்கூட்டியே ஆயத்தமாக இருக்க வேண்டிய ஒன்று உண்டு. பாசிட்டிவ் ரிப்போர்ட், தொற்று எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று சொல்லாது. கிளமிடியா எந்த அறிகுறியும் காட்டாமல் மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் தங்கும். உங்களுடைய பழைய உறவிலிருந்து வந்திருக்கலாம். அவருடைய பழைய உறவிலிருந்தும் வந்திருக்கலாம். அதை வைத்து இப்போது யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று முடிவு கட்டினால் நியாயமாகாது. ரிப்போர்ட் வந்த பிறகு இதைப் பேசுவது கடினம். அதனால் இருவரும் ஒரே நாளில், மாதிரி கொடுக்கப் போவதற்கு முன்பே பேசிவிடுங்கள். அவருக்குச் சிறுநீர் மாதிரியே போதும்.

எப்போது போவது என்றால், கடைசியாகப் பாதுகாப்பில்லாமல் உறவு நடந்து இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். அதற்குமுன் தொற்று இன்னும் பிடிபடாமல் இருக்கலாம். முடிவு வரும்வரை ஆணுறை பயன்படுத்துங்கள். கருத்தடை மாத்திரை இந்தக் கிருமிகளைத் தடுக்காது என்பதையும் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் குழந்தையைத் தள்ளிப்போடும் பலர் மாத்திரை தொடங்கியதும் ஆணுறையை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் குழந்தைக்காக ஆறு ஆண்டு காத்திருக்கப் போகிறீர்கள். இந்த ஆறு ஆண்டுகளில் ஓசையில்லாமல் குழாய் கெட்டால், முப்பதில் முயலும்போதுதான் அது தெரியவரும். அப்போது மிஞ்சுவது பெரும்பாலும் சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு. அந்த முறையே அடைபட்ட குழாயைத் தாண்டிப்போவதற்காக உருவானதுதான். 1978இல் பிறந்த முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுனின் தாய்க்குக் கருக்குழாய்கள் அடைபட்டிருந்தன. ஆனால் நீர் கோத்த குழாய் உள்ளே இருந்தால் அந்த முறையும் பலிப்பது குறைகிறது. ஆகவே முதலில் அந்தக் குழாயையே அகற்ற வேண்டிவரும். ஒரு ஸ்வாபும் ஒரு வார மாத்திரையும் போதுமாயிருந்த இடத்தில் அறுவைச் சிகிச்சையும் இலட்சக்கணக்கில் செலவும்.

கடைசியாக ஒன்று. சோதனையில் எப்போதாவது பாசிட்டிவ் வந்திருந்தாலும், அழற்சி என்று சிகிச்சை எடுத்திருந்தாலும், அந்தத் தகவலை மறக்காமல் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் கர்ப்பமாகி மாதவிலக்கு தள்ளிப்போனதும் அதை மருத்துவரிடம் சொல்லி, ஆறேழு வாரத்திலேயே ஸ்கேன் எடுத்துக் கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாதி கெட்ட குழாயில் கருவுற்ற முட்டை வழியிலேயே தங்கிவிடலாம். அந்தக் குழாய்க் கர்ப்பம் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஸ்கேனுக்கு முன் ஒருபக்க அடிவயிற்று வலியோ, மயக்கமோ, தோள்பட்டை நுனியில் வலியோ வந்தால் நாள் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.